அண்ணிக்கு ஒரு பிறந்தநாள் செய்தி: நாத்தனார் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக்கு அண்ணி வந்து 11 வருடம் ஆகிறது. அவங்க ஊர் ஆரணி. வந்த புதிதில் நானும் அவங்களும் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். நாத்தனார், அண்ணி என்ற முறைக்குள் எவ்வளவு பேசலாமோ அவ்வளவுதான் பேச்சு. இன்றைக்கு வீட்டில் எனக்கு ஒன்று என்றால் அம்மாவுக்கு முன்னால் அவங்களுக்குத்தான் போன் போகும்.

இப்படி முறையாகத் தொடங்கிச் சிநேகிதமாக மாறிய ஒருத்திக்கு எழுதுவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சிநேகிதியாக மட்டும் நினைத்து எழுதினால் 'அண்ணி' என்ற சொல்லுக்குள் இருக்கும் உரிமை காணாமல் போகிறது. அண்ணியாக மட்டும் நினைத்து எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது. நான் பல வருடம் இரண்டாவது தப்பைத்தான் செய்தேன். அந்தச் செய்தியையும், கடைசியில் எழுதிய செய்தியையும் கீழே அப்படியே தருகிறேன்.

முதலில், எந்த நாள் என்று உறுதி செய்யுங்கள்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். நம் பக்கத்தில் இப்போது முப்பது, நாற்பது வயதில் இருக்கும் நிறைய பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது போட்ட தேதி ஒன்று, உண்மையாகப் பிறந்த தேதி வேறு. ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது கணக்குக்கு வரவேண்டும் என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஆதார் கார்டிலும் பேஸ்புக்கிலும் அந்தத் தேதிதான் நிற்கும்.

எங்கள் அண்ணிக்கும் சான்றிதழில் ஜூன். பிறந்தது சித்திரை மாதம். முதல் மூன்று வருடம் நான் ஜூனில் வாழ்த்து அனுப்பினேன். அவங்களும் 'தேங்க்ஸ்மா' என்று பதில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாங்க. நாலாவது வருடம் ஆரணியிலிருந்து அவங்க அம்மா சித்திரையில் பாயச டப்பாவோடு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதோடு நட்சத்திரமும் சேரும். மாமியார் வீட்டில் மாதமும் நட்சத்திரமும் பார்த்து அர்ச்சனை செய்வார்கள், அது வருடா வருடம் வேறு தேதியில் விழும். தன் பிறந்தநாள் என்று அவங்க மனசுக்குள் எந்த நாளை வைத்திருக்கிறார்களோ, அதற்குத்தான் உங்கள் செய்தி போகவேண்டும். நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் அவங்க அம்மாவிடமோ தங்கையிடமோ கேளுங்கள். 'சின்ன வயசுல என்னிக்குப் புதுத்துணி எடுப்பீங்க' என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

நீங்களா, நீயா

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் முதல் வினைச்சொல்லிலேயே உறவு தெரிந்துவிடும். 'இருக்கீங்க' என்று முடித்தால் ஒரு தூரம், 'இருக்க' என்று முடித்தால் வேறொரு தூரம்.

பல வீடுகளில் இரண்டும் நடக்கும். பெரியவங்க உட்கார்ந்திருக்கும் கூடத்தில் 'அண்ணி, சாப்பிட வாங்க'. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும்போது 'அண்ணி, நீ இந்தப் பக்கம் புடி'. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இந்த மாற்றம் எப்போது வந்தது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் நினைவில்லை.

நான் கண்ட வழி இதுதான். தனியாக அனுப்பும் செய்தியில், தனியாக இருக்கும்போது எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். குடும்ப குரூப்பில் போடுவதாக இருந்தால் கூடத்துப் பேச்சில் எழுதுங்கள். குரூப்பில் திடீரென்று 'நீ' போட்டால் உங்களுக்கும் அவங்களுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் பெரியத்தை ஒருவர் அதைப் பார்த்து, 'நாத்தனார்காரிக்கு மரியாத தெரியல' என்றோ, 'இவ இடம் கொடுத்துட்டா' என்றோ பேச ஆரம்பிப்பார். பேச்சு கடைசியில் போய் விழுவது அண்ணி தலையில்.

ஒரு செய்திக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். 'நீ எனக்கு எவ்வளவு செஞ்சிருக்க, தாங்கள் நீடூழி வாழ்க' என்று வந்தால், பாதியை நீங்கள் எழுதி மீதியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது உடனே தெரியும். பேச்சுத்தமிழில் தொடங்கினால் பேச்சுத்தமிழிலேயே முடியுங்கள். வாயில் வருகிற 'குந்தினு', 'பாத்துனு', 'இன்னா' எல்லாம் அப்படியே வரட்டும். வட ஆற்காட்டுக்காரி எழுதியது வட ஆற்காட்டுக்காரி எழுதியது மாதிரிதானே இருக்கவேண்டும்?

எழுதுபவர் கொழுந்தனாக இருந்தால் கொஞ்சம் வேறு. அண்ணியும் கொழுந்தனும் எவ்வளவு சிநேகிதமாக இருந்தாலும், அண்ணன் முன்னால் சத்தமாகப் படிக்கக்கூடிய செய்தியாக எழுதுவது அண்ணிக்குத்தான் நிம்மதி.

அண்ணன் இல்லாத ஒரு சம்பவத்தைத் தேடுங்கள்

உழைப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, நீங்களும் அண்ணியும் மட்டும் இருந்த நேரங்களை எழுதுங்கள். அண்ணன் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. அண்ணன் இருந்தால் அது குடும்ப நினைவு. இல்லாத இடத்தில் நடந்ததுதான் உங்கள் இரண்டு பேரின் சிநேகிதம். நாலைந்து கிடைத்தால் போதும். நினைவுக்கு வரவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் அவங்களோடு பேசிய பக்கத்தைத் திறந்து 'பஸ்', 'ஆஸ்பத்திரி', 'அழாத' என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பாருங்கள். மறந்துபோனதெல்லாம் மேலே வரும்.

நான் எழுதியபோது கிடைத்தவை இவை: வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைக் காம்பைப் பார்த்து எடுக்கக் கற்றுக்கொடுத்தது. கோட்டை அகழிக்கு எதிரே ஸ்கூட்டி ஓட்டப் பழகியது. என் பிரசவத்தின்போது இரண்டு ராத்திரி கூடவே இருந்தது. கடைசியாக, பள்ளிகொண்டாவில் பஸ்ஸை விட்டு இறங்கியது.

ஆஸ்பத்திரி ராத்திரிதான் பெரியது என்று முதலில் தோன்றியது. ஆனால் அதை எழுதிப் பார்த்தால் நன்றிக் கடிதமாகத்தான் வந்தது. அந்த நேரத்தில் எந்த அண்ணியும் வந்திருப்பாங்க, அது முறை. முறைப்படி செய்யவேண்டிய தேவையே இல்லாமல் அவங்க செய்த ஒன்று எது என்று கேட்டுப் பார்த்தேன். பள்ளிகொண்டா நின்றது.

அண்ணன் மகனின் காதுகுத்துக்குச் சாமான் வாங்க நாங்கள் இரண்டு பேரும் வேலூர் லாங் பஜாருக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். கத்திரி வெயில். வழியில் என் போனில் ஒரு பரீட்சை முடிவு வந்தது. மூன்றாவது தடவையும் இல்லை. பரீட்சை எழுதியதையே நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. பஸ் பள்ளிகொண்டாவில் நின்றதும், எங்கே போகிறேன் என்று தெரியாமலே இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி இரண்டு கட்டைப்பையோடு பின்னால் நிற்கிறாங்க. என்ன என்று கேட்கவில்லை. புளியமரத்தடியில் ஒரு நுங்கு வண்டி நின்றது. ஒவ்வொரு நுங்காகத் தோலை உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாங்க. முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த பஸ். நான் சொன்னது ராத்திரிதான். அதுவரை கேட்கவே இல்லை.

சம்பவம் சரியானதுதானா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். இதை அப்படியே வேறொருத்தி தன் அண்ணிக்கு அனுப்ப முடியுமா? 'கஷ்டத்தில் கூட இருந்தீங்க' என்றால் ஊரில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். பள்ளிகொண்டா புளியமரத்தடி நுங்கை நான் மட்டும்தான் அனுப்ப முடியும்.

எழுதி, அடித்து, திரும்ப எழுதுதல்

முன்பெல்லாம் நான் அனுப்பிக்கொண்டிருந்தது இது:

> அன்பு அண்ணிக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள். எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த மகாலட்சுமி நீங்கள். தாய்க்குத் தாயாய், தோழிக்குத் தோழியாய் என்றும் எனக்குத் துணை நிற்கிறீர்கள். அண்ணனையும் குழந்தைகளையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்குக் கோடி நன்றி. வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் அண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கிறது. 'மகாலட்சுமி' என்றால் மருமகளாக நம் வீட்டுக்கு என்ன கொண்டுவந்தாள் என்ற கணக்கு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தாய்க்குத் தாயாய்' என்பது பாசமாகச் சொல்வதுதான். ஆனால் அவங்களுக்கும் எனக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். பிறந்தநாளன்று ஒரு பெண்ணை இருபது வயது ஏற்றிவிட்டு வாழ்த்துவது எதற்கு? அண்ணனைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொல்லும் வரி இன்னும் மோசம். அவங்க பிறந்தநாளில் அண்ணனுடைய வசதிக்கு நன்றி சொல்கிறோம். 'வாழ்த்த வயதில்லை' என்பது மேடைக்கும் பேனருக்கும் சரி. மொட்டைமாடியில் சேர்ந்து குந்திப் பேசுகிறவளுக்கு அதை அனுப்பினால் அவளுக்கே சிரிப்பு வரும்.

சம்பவம் கிடைத்த பிறகு எழுதிய இரண்டாவது:

> அண்ணி, பிறந்தநாள் வாழ்த்துகள். அன்னைக்கு நான் பெயிலாயிட்டேன்னு தெரிஞ்சு என்கூட பஸ்ஸ விட்டு எறங்கி ஆறுதல் சொன்னத என்னைக்கும் மறக்க மாட்டேன். நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ.

இது கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனாலும் மூன்று இடத்தில் இடிக்கிறது. முதலில், ரகசியம் வெளியே வந்துவிட்டது. அண்ணி போனை அண்ணன் எடுப்பார், பையன் கேம் விளையாட எடுப்பான், அம்மா 'யாரு மெசேஜு' என்று கேட்பாங்க. அவங்க இத்தனை வருடம் காப்பாற்றியதை நானே எழுத்தில் போட்டுவிடக் கூடாது. இரண்டாவது, அவங்க ஆறுதலே சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல் இருந்ததுதான் அன்றைக்கு அவங்க செய்தது. நடந்ததை நடந்த மாதிரி எழுதாமல், வழக்கமாக எல்லாரும் சொல்கிற சொல்லுக்குள் அதைத் தள்ளிவிட்டேன். மூன்றாவது, 'நீ இல்லன்னா என்ன ஆயிருப்பேனோ' என்பதைப் படித்தால் அவங்களுக்கு மனசு பாரமாகும். பிறந்தநாள் காலையில் அடுப்படியில் நிற்கிறவளுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

ரகசியத்தைச் சொல்லாமல் சொல்ல வழி, அந்த இடத்தில் இருந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது. 'நுங்கு' என்ற சொல்லை வீட்டில் யார் படித்தாலும் அது நுங்குதான். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அது அந்த மத்தியானம். உங்களுக்கு அது ஒரு குடையாக இருக்கலாம், அறுந்த செருப்பாக இருக்கலாம், ஆம்பூர் பிரியாணிப் பொட்டலமாக இருக்கலாம். பொருளை எழுதுங்கள், காரணத்தை எழுதாதீர்கள்.

மூன்றாவதாக எழுதி அனுப்பியது:

> அண்ணி, பொறந்தநாள் வாழ்த்துகள்.
>
> நேத்து பஸ்ல வரும்போது பள்ளிகொண்டாவுல ஒரு நுங்கு வண்டி நின்னுனு இருந்துச்சு. நம்ம ஆளான்னு எட்டிப் பாத்தேன். வேற யாரோ.
>
> அன்னைக்கு நீ ஒண்ணுமே கேக்கல. உரிச்சு உரிச்சு என் கையில வெச்சினே இருந்த. உன் முந்தானையெல்லாம் கறை. வீட்ல கேட்டதுக்கு பஸ்ஸு ஜன்னல் கம்பியோட துருன்னு சொன்ன. அந்தக் கறை போச்சா இல்லையான்னு நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல.
>
> இந்த வருஷம் உன் ஆரி ஸ்டாண்டு கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளிய வரணும். முன் ரூம்ல பீரோவ நகத்தி எடம் பண்ண ஞாயித்துக்கெழம நான் வரேன்.
>
> சாயங்காலம் பேசறேன்.

பாசம், அன்பு, தோழி, நன்றி என்ற சொல் ஒன்றுகூட இதில் இல்லை. வேண்டுமென்றே தவிர்க்கவில்லை. கறையை எழுதிய பிறகு அவற்றுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

'வாழ்த்துகள்' என்பதா 'வாழ்த்துக்கள்' என்பதா என்று கேட்பவர்களுக்கு: வாழ்த்து என்பதோடு கள் சேரும்போது ஒற்று இல்லாமல் எழுதுவதே சரி என்பது இலக்கணம் சொல்லித் தருபவர்கள் பலரின் கருத்து. நானும் அப்படித்தான் எழுதுகிறேன். அண்ணி இதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாங்க. ஆனால் பேரை மட்டும் தப்பில்லாமல் எழுதுங்கள், போன் தானாக மாற்றிவிடும்.

எதை வாழ்த்துவது

'எல்லா வளமும் பெற்று' என்பதை விட்டுவிட்டு, இந்த வருடம் அவங்களுக்கு என்ன ஆகவேண்டும் என்று அவங்களே சொல்லியிருக்கிறார்களோ அதை எழுதுங்கள். எங்கள் அண்ணி இரண்டு வருடம் முன்னால் ஆரி வேலை கற்றுக்கொண்டு ஸ்டாண்டும் வாங்கினாங்க. வைக்க இடமில்லாமல் அது கட்டிலுக்கு அடியில் போனது. ஒரு பிளவுஸ் முழுதாக முடித்ததில்லை. அதனால்தான் ஸ்டாண்டு வரி. அதோடு நான் செய்யப்போகும் ஒரு வேலையையும் நாள் குறித்துச் சேர்த்தேன். நாள் குறிக்காமல் 'என்ன வேணும்னாலும் கேளு' என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை.

அவங்களாக வாய் திறந்து சொல்லாத விஷயத்தை வாழ்த்தாக எழுதாதீர்கள். 'சீக்கிரம் நல்ல சேதி சொல்லுங்க' என்று குழந்தைக்காக எழுதுவது, அடுத்தது பெண் குழந்தையாகப் பிறக்கட்டும் என்பது, இளைக்கவேண்டும் என்பது, அண்ணன் குடியை விடவேண்டும் என்பது, இவை எல்லாம் நல்ல மனசோடுதான் எழுதப்படுகின்றன. படிக்கிறவளுக்கு அன்றைய நாள் அத்தோடு போய்விடும். உங்களிடம் தனியாக அழுதுகொண்டே சொன்ன விஷயமாக இருந்தால்கூட பிறந்தநாளன்று எழுத்தில் வேண்டாம். நேரில் போகும்போது பேசிக்கொள்ளலாம்.

அனுப்பும் நேரம்

ராத்திரி 12 மணிக்கு அனுப்புவது காலேஜ் சிநேகிதிகளுக்குச் சரியாக இருக்கும். கூட்டுக்குடும்பத்தில் அந்த நேரம் போன் அடித்தால் குழந்தை எழுந்துகொள்ளும். அண்ணன் மறந்து தூங்கிக்கொண்டிருந்தால் அதுவேறு ஒரு சண்டை. காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை அவங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பால், டிபன், டப்பா, பையனின் பள்ளி வேன். அந்த நேரத்தில் வரும் செய்தியை ஈரக்கையோடு திறந்து பாதி படித்து மூடிவைப்பாங்க, பிறகு அது மற்ற வாழ்த்துகளுக்குக் கீழே போய்விடும்.

எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தனக்கென்று ஒரு டம்ளர் காபி எடுத்துக்கொண்டு உட்கார்வது எப்போது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் அண்ணிக்கு அது பத்தரை மணி. வேலைக்குப் போகிறவங்க என்றால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த பிறகு.

குடும்ப குரூப்பில் காலையிலேயே தனியாக ஒரு வரி போட்டுவிடுங்கள். 'அண்ணிக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்', கூட ஒரு நல்ல போட்டோ, போதும். அதைப் போடாமல் விட்டால் 'நாத்தனார் ஒண்ணும் போடலையே' என்று யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்கள். போட்டோவை அனுப்பும் முன் அவங்களுக்குப் பிடித்த படம்தானா என்று பாருங்கள். உங்கள் முகம் நன்றாக விழுந்த படத்தைத்தான் கை தானாகத் தேடும்.

தம்பி மனைவிக்கு எழுதுவதாக இருந்தால்

இங்கே நீங்கள் பெரியவர். பேர் சொல்லி, 'நீ' என்றே எழுதலாம், தயக்கமில்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். இரண்டு வரி தாண்டுவதற்குள் புத்திமதி நுழைந்துவிடும். 'உடம்ப பாத்துக்கோ, நேரத்துக்கு சாப்புடு, தம்பி கோவக்காரன், கொஞ்சம் அனுசரிச்சுப் போ.' கடைசியாகச் சொன்னதை எழுதிய கையோடு அழித்துவிடுங்கள். சம்பவத்தைத் தேடும்போது, அவள் உங்களுக்குச் செய்ததையோ சொல்லிக்கொடுத்ததையோ எடுங்கள். நீங்கள் அவளுக்குச் செய்ததை எடுத்தால் செய்தி சொல்லிக்காட்டுவது மாதிரி ஆகும்.

நான் அந்தச் செய்தியைப் போன சித்திரையில் பத்தரைக்கு அனுப்பினேன். பத்தே முக்காலுக்குப் பதில் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு போட்டோ மட்டும். பீரோவிலிருந்து எடுத்துக் கட்டில் மேல் விரித்த அந்த ஊதா நூல் புடவை. முந்தானையில் பழுப்புக் கறை அப்படியே இருந்தது.